நெஞ்சுக்குள் எத்தனை பேர்

"மொத்தம் எத்தனை பேரும்மா உள்ள குடியிருக்காக?" என்று பள்ளிக் காரியதரிசி என்னைக் கேட்டார்.

அவர் மேசைமேல் நான் எழுதிக் கொடுத்த தாள் விரிந்திருந்தது. நான்காவது வரிமேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். எனக்குக் கேள்வி புரியவில்லை. ஏதோ சர்க்கார் கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டு, "எங்க வீட்ல ஏழு பேருங்க ஐயா" என்றேன்.

"உன் வீட்டக் கேக்கலத்தா. இந்தா, இந்தப் பொம்பள நெஞ்சுக்குள்ள எத்தனை பேரு குடியிருக்காகன்னு கேக்குறேன்."

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்ல, நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீடு அனுமந்தன்பட்டியில். நெல் வயலும் நாலு தென்னையும் உள்ள வீடு. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பத்திரங்களில் எல்லாம் பெருவிரல் ரேகைதான். எங்கள் வீட்டின் முதல் கையெழுத்து என்னுடையது. அதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். அன்றைக்கும் நிமிர்ந்தது, இன்றைக்கும் நிமிர்கிறது. ஆசிரியைப் பயிற்சி முடித்து உத்தமபாளையத்தில் பெண்பிள்ளைகள் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. காலையில் வயல் வரப்போடு நடந்து போவேன், மாலையில் நடந்தே வருவேன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்பக்கம் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். அது மேட்டில் ஏறுவதற்குள் நான் பள்ளிக்கூடம் சேர்ந்துவிடுவேன்.

வேலை நிரந்தரமாவது இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எழுதும் அறிக்கையில் இருந்தது. அவர் மதுரையிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை வரும் வெள்ளைக்கார அம்மாள். வேலை நிலைத்தால் என் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போடுவதாக என்னைப் பெற்ற அய்யா ஒத்துக்கொண்டிருந்தார். நிலைக்காவிட்டால், மார்க்கையன்கோட்டை மாமன் வீட்டில் வருகிற பங்குனியிலேயே பரிசம். மாமன் மகன் நல்லவர். அவரைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் நான் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேட்டை ஒன்றரை வருஷத்தில் மூடிவைக்க எனக்கு மனமில்லை.

ஐப்பசி மாதம் வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் வகுப்பை முழுதாகக் கேட்டார். பிறகு பெண்களை வெளியே அனுப்பிவிட்டுத் தன் தோல்பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். நம் பழைய அறநூலின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு.

"இதில் இரண்டு பகுதியை என் முன்ஷி பாடம் சொன்னார்" என்றார் தன் புத்தகத் தமிழில். "மூன்றாவது பகுதி வந்தது. அவர் புத்தகத்தை மூடிவிட்டார். அது அம்மணிகள் படிக்கத் தகாது என்கிறார். ஆனால் அதில் பாதி, அம்மணிகள் பேசுவதே அல்லவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பாட்டைக் காட்டினார். தமிழில் ஏழு சீர். இங்கிலீஷில் நாலு வரி, இருபத்தெட்டு வார்த்தை, எதுகைக்காக ஒரு நிலா. மூலத்தில் நிலாவே இல்லை.

"எனக்கு நிலா வேண்டாம். இந்தப் பகுதியில் பத்துப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில், சின்னதாக. ஒரு பெண் தன் தோழியிடம் சமையலறையில் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. மாசியில் வருவேன். உங்களுக்கு மேல்வகுப்பில் இங்கிலீஷ் கொடுக்கலாமா என்று அதை வைத்தே முடிவு செய்வேன்."

அன்று நடந்து வரும்போது வரப்பில் எதிரே வந்தவர்களைக்கூடக் கவனிக்கவில்லை. என்னிடம் கேட்டிருக்கிறார். முன்ஷியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டிருக்கிறார்.

வேலை நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அந்த ஈரடிப் பாட்டில் முதல் அடிக்கு நாலு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. அவ்வளவு இடத்துக்குள் ஒரு பெண் வந்து, தன் வருத்தத்தைச் சொல்லி, கடைசிச் சீரில் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போய்விடுகிறாள். தமிழுக்கு அது முடிகிறது. யார் பேசுகிறார்கள் என்பதை வினைச்சொல்லின் வாலே சொல்லிவிடும். 'இப்படியானால்' என்பது ஒரு சின்ன ஒட்டு. இங்கிலீஷில் 'இஃப்' தனியே வரவேண்டும், 'யூ' தனியே வரவேண்டும், 'ஆர்' தனியே வரவேண்டும். ஒரு ஆளைக் கூப்பிட்டால் மூன்று பேர் துணைக்கு வருகிற மாதிரி.

முதலில் எடுத்தது, பிரிந்து போகப் புறப்பட்டவரிடம் பெண் சொல்லும் பாட்டு. நீர் போகவில்லை என்றால் அந்தச் செய்தியை என்னிடம் சொல்லும். சீக்கிரம் திரும்பி வருவேன் என்பதையானால், அப்போது உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்ளும். அழாமல் அழுகிற பாட்டு. முதல் தடவை பதினாறு வார்த்தை வந்தது. அர்த்தம் சரி, ஆனால் விண்ணப்பம் மாதிரி இருந்தது. 'இஃப்' இரண்டையும் எடுத்தேன். கேள்வியாக மாற்றினேன். நாலு நாள் கழித்து இப்படி நின்றது: "ஸ்டேயிங்? டெல் மீ. பேக் சூன்? டெல் ஹூஎவர்ஸ் அலைவ்." எட்டு வார்த்தை. உயிரோடு என்ற சொல் கடைசியில் விழுந்தது. அது கடைசியில் விழாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. கொல்லைப்புறத்தில் தனியாக நின்று அதை ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

இன்னொரு பாட்டில் பசலை வந்தது. அணைத்துக் கிடந்த பெண் கொஞ்சம் விலகிப் படுக்கிறாள். அந்த இடைவெளிக்குள் அள்ளிக்கொள்ளும்படி பசலை வந்து படர்ந்துவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அவள் வெளுத்துப்போனாள் என்று இருந்தது. வெளுப்பது வெள்ளைக்காரத் துரைசானி. நம் ஊர்ப் பெண்ணின் கருத்த நிறத்தில் பீர்க்கம்பூ மாதிரி ஒரு மஞ்சள் படரும், அதுதான் பசலை. இங்கிலீஷில் அதற்கு இருக்கிற சொல்லெல்லாம் காமாலைக்காரனுக்குத்தான் ஆகும். வாரக்கணக்கில் தேடிவிட்டு, அரைமனசாக ஒரு சொல்லைப் போட்டு வைத்தேன்.

எனக்கு உதவி என்றால் என் மதினிதான். அண்ணனைக் கட்டி வந்தவள், என்னைவிட ஒரு வயது மூத்தவள், எழுத்து தெரியாது. நான் தாளும் கையுமாக உட்கார்ந்தால், "ஏத்தா, வாத்தியாரம்மா, இன்னைக்கு யாரு அழுகுறா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து உட்காருவாள். பாட்டைச் சொல்லச் சொல்லுவாள். பொருள் சொன்னால் கதை மாதிரி கேட்பாள்.

ஒரு சனிக்கிழமை நான் ரொம்பப் பெருமைப்பட்ட பாட்டைச் சொன்னேன். எழுதும்போது கோலைக் காணாத கண்ணைப்போல, அவரை நேரில் கண்டுவிட்டால் அவர் குற்றம் எனக்குத் தெரிவதில்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். என்னிடம் இருந்தது மூலம் மட்டும் அச்சிட்ட சின்னப் பதிப்பு, உரை கிடையாது. எழுதுகிறது, கோல் என்றால் எனக்கு வேறு எது தோன்றும்? 'எழுதுகிற கண் பேனாவைப் பார்ப்பதில்லை' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். எனக்காகவே எழுதின பாட்டு என்று நினைத்திருந்தேன்.

மதினி அப்போது கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள்.

"பேனாவா? எழுதையில நீ பேனாவத்தான பாக்குற? முள்ளு வளைஞ்சிருச்சு, மை கொட்டிருச்சுன்னு எந்நேரமும் அதத்தான் பாக்குற."

"பாட்ல அப்படித்தான் மதினி இருக்கு. எழுதுற கோலு."

அவள் தன் கையிலிருந்த மைக்குச்சியைத் தூக்கிக் காட்டினாள். "இது கோலு இல்லாம கொழுக்கட்டையா? எங்க ஆத்தா மை எழுதுறதுன்னுதான் சொல்லும்." குச்சியைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனாள். "இங்கன இருக்கையில தெரியுது. இங்கனயும் தெரியுது. இந்தா, இமையத் தொட்டாச்சு. போச்சு, தெரியல."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. படிக்காதவளிடம் தோற்றது கொஞ்சம், பாட்டு இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்பது கொஞ்சம். பேனாவை அடித்துவிட்டு, "தி ஐ காண்ட் சீ தி ஸ்டிக் தட் பெயின்ட்ஸ் இட். ஐ சீ ஹிம்: வாட் ஃபால்ட்ஸ்?" என்று எழுதினேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பூரிப்பில், ஒவ்வொரு வார்த்தையாக மதினிக்குப் பொருள் சொன்னேன்.

"ஹிம்முன்னா?"

"அவனை."

மதினியின் குச்சி நின்றது. "யார அவன்ங்குற?"

"அவ புருசனத்தான். காதலனை."

"அடியாத்தீ! அந்தப் பொண்ணு அப்பிடியா சொல்லுது? புருசன அவன் இவன்னா?"

பாட்டில் அப்படி இல்லை. நான் எடுத்து வைத்திருந்த பாட்டுகளில் முக்கால்வாசி 'அவர்', 'காதலர்' என்றே இருந்தன. தும்மல் பாட்டு ஒன்று உண்டு. அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே வாழ்த்தை அழித்துவிட்டு, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். வேறொருத்தி நினைத்துவிட்டாள் என்று சந்தேகம். அந்தக் கோபத்திலும் 'தும்மினீர்' என்று மரியாதையாகத்தான் கேட்கிறாள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அண்ணன் கம்பம் சந்தைக்குப் போய்ப் பொழுதோடு திரும்பாவிட்டால், "இன்னும் வரல, எங்க போனாகளோ" என்பாள் மதினி. போனாக, வந்தாக. அந்த 'ஆக' இல்லாமல் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் தன் புருஷனைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

வகுப்பில் 'அவர்' என்றால் 'ஹீ' என்று நானே பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அது கலெக்டர் வந்தார், தபால்காரர் போனார் என்ற வாக்கியம். ஒரு பெண் தன் புருஷனைப் பற்றிப் பேசும் வாக்கியம் எந்தப் பாடப் புத்தகத்திலும் வந்ததில்லை. அதை 'ஹீ' என்று எழுத என் கை கூசியது. இங்கிலீஷ் ராஜா தன்னை 'வீ' என்று பன்மையில்தான் சொல்லிக்கொள்வார் என்று படித்திருந்தேன். ஆக, மரியாதை என்றால் அங்கேயும் பன்மைதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். 'ஹீ' வந்த இடத்தில் எல்லாம் 'தே' போட்டேன். 'ஹிம்' எல்லாம் 'தெம்' ஆனது. காதலர் என்பது 'லவர்ஸ்' ஆனது. அகராதியும் அப்படித்தான் சொன்னது. மதினிக்கும் திருப்தி. மைக்கோலைப் பிடித்துக் கொடுத்தவள் இதிலும் சரியாகத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

நல்ல தாளில் நகல் எடுத்து, தை மாதக் கடைசியில் காரியதரிசியிடம் கொடுத்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்குப் போகிற எதுவும் அவர் மேசை வழியாகத்தான் போக வேண்டும். அவர் முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு வைத்துக்கொண்டார். மறுநாள் கூப்பிட்டனுப்பினார். அப்போதுதான் நெஞ்சுக்குள் எத்தனை பேர் என்ற கேள்வி.

நான்காவது பாட்டு இது: என் நெஞ்சுக்குள் அவர் இருக்கிறார், அதனால் சூடாக எதையும் சாப்பிடப் பயப்படுகிறேன், அவருக்குச் சுட்டுவிடும். அதை நான், சூட்டுச் சாப்பாடு எனக்கு வேண்டாம், "மை லவர்ஸ் ஆர் இன் மை ஹார்ட், தே'ட் பர்ன்" என்று எழுதியிருந்தேன்.

"லவர்ஸ்" என்றார் காரியதரிசி. அவர் அந்தக் காலத்து மெட்ரிகுலேஷன், ஊரில் மரியாதைப்பட்டவர். "ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல. ஒரு கூட்டமே உள்ள உக்காந்து வேகுது. அப்பறம் இங்க, 'ஐ சீ தெம்'. யாரப் பாக்குறா? கண்ணையா, குச்சியவா, இந்தக் கூட்டத்தையா? கல்யாணம் ஆகாத பிள்ள நீ. ஒன்ன நம்பிப் பெத்தவுக பொட்டப்பிள்ளைகள அனுப்புறாக."

"ஐயா, அது மரியாதைப் பன்மை. ஒருத்தர்தான். காதலர்னா..."

"காதலர்னா ஒருத்தர்னு எனக்குத் தெரியாதா? நானும் தமிழன்தான். துரைசானிக்குத் தெரியணுமே." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குரல் தணிந்தது. "நீ நெனச்சு எழுதுனதுன்னா நடத்தை சரியில்லம்பாக. தெரியாம எழுதுனதுன்னா இங்கிலீசு வராதும்பாக. எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க ஆத்தா."

"இதைத் திருப்பிக் குடுங்க ஐயா, வேற எழுதித் தர்றேன்."

"எண்ணு போட்டாச்சு. போட்ட தாள எடுத்து ஒளிச்சுவைக்க என்னால ஆகாது. வேற எழுது, ரெண்டையும் சேத்து வைப்போம். கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வர மூன்று நாள் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து பத்துப் பாட்டையும் மறுபடி எடுத்தேன். 'தே' தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் 'ஹீ' எழுத வரவில்லை. முதலில் எல்லாவற்றையும் 'யூ' ஆக்கிப் பார்த்தேன். இங்கிலீஷில் ராஜாவுக்கும் நாய்க்குட்டிக்கும் 'யூ' ஒன்றுதான், பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. பிரிவுப் பாட்டும் தும்மல் பாட்டும் முகத்துக்கு நேராகச் சொல்வது, அவை அப்படியே நின்றன. மற்றவை அவர் இல்லாத இடத்தில் தோழியிடம் சொல்வது. நெஞ்சுக்குள் இருப்பதால் சூடாகச் சாப்பிடவில்லை என்று அவரிடமே சொன்னால் அது கொஞ்சல். தோழியிடம் சொன்னால்தான், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டவளுக்குச் சொன்ன பதில். பாட்டே வேறாகிவிடுகிறது.

பிறகு ஆளையே எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். ஆள் இல்லாத வாக்கியம் தமிழில் நடக்கும், இங்கிலீஷில் தந்தி மாதிரி ஆனது.

மறுநாள் காலை அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மதினி சின்னக் கரண்டியால் களி கிண்டிக்கொண்டிருந்தாள். காரியதரிசி சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தேன். முந்தின நாள் மாலை முழுக்கச் சிரித்தாள், பிறகு எனக்காகக் கவலைப்பட்டாள். சட்டியில் கை பட்டுச் சுட்டுக்கொண்டு, கையை ஊதியபடி முணுமுணுத்தாள்: "அந்தக் களிக்கட்டைய எங்க கொண்டுபோய் வச்சான் பாரு, கள்ளப்பய. மம்பட்டிக்குப் பிடி அடிக்கணும்னு நேத்துத் தூக்கிட்டுப் போனவன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "யாரு மதினி?"

"ஒங்க அண்ணன்தான், வேற யாரு."

"நீங்க அவன்னீக."

"நானா? எப்போ?"

"இப்ப. கள்ளப்பயன்னீக."

மதினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது அடுப்புக்கிட்டச் சொன்னது. ஒன்கிட்டயா சொன்னேன்?" என்றாள். கொஞ்ச நேரம் கிண்டினாள். பிறகு சிரித்துவிட்டாள். "எல்லாரும் சொல்லுறதுதாம்த்தா. மாமியா முன்னாடி அவுக, அடுப்பு முன்னாடி அவன். ஆச இல்லாட்டி அவன்னு வருமா? கோவத்துலயும் அவுக அவுகன்னு சொல்லுறவளப் பாத்தாத்தான் பயப்படணும்."

நான் களிக்குக் காத்திராமல் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பகுதி முழுவதையும் முதலிலிருந்து பார்த்தேன், இந்த ஒன்றுக்காக மட்டும். அவர், காதலர் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும். நடுவில் ஓர் இடத்தில் கணவனைக் 'கொண்கன்' என்பாள், ஒருமையில். வேறு இடத்தில் 'துறைவன்'. மையெழுதும் பாட்டிலேயே ஒருமைதான் இருந்தது. நான் அதையும் விடாமல் பன்மையாக்கி வைத்திருந்தேன். பாட்டுப் பெண்ணுக்கே இரண்டு குரலும் இருந்தது. எனக்குத்தான் ஒன்று கேட்டது, இன்னொன்று கேட்கவில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கேட்டதும் சமையலறைக் குரல்தானே.

'ஹீ' என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன், யாராவது பார்க்கிறார்களா என்று. "நோ ஹாட் ஃபுட் ஃபார் மீ. ஹீஸ் இன் மை ஹார்ட், ஹீ'ட் பர்ன்." பதினோரு வார்த்தை. ஒரே ஒரு ஆள், நெஞ்சுக்குள் தனியாக.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்த நாளில் காரியதரிசி சொன்னபடியே செய்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா முதல் தாளைப் படித்தார். நாலாவது வரியில் அவர் வாய் ஓரம் துடித்தது. கைக்குட்டையை எடுத்தார். சிரிப்பது தெரியக்கூடாது என்று பார்த்தார், தெரிந்தது. இரண்டாவது தாளைப் படித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஏன் இரண்டு?" என்றார்.

கை தவறியது என்று சொல்லலாம் என்று காலையில்கூட நினைத்திருந்தேன். பதினான்கு இடத்தில் 'தே' என்று கை தவறாது. "முதல் தாள் தப்பு" என்று இங்கிலீஷில் சொன்னேன். "இலக்கணம் தெரியாமல் இல்லை. ஒரு பெண் தன் கணவரை ஒருமையில் சொல்வதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மரியாதையை இங்கிலீஷுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அது இந்த வழியாக வராது என்று பிறகுதான் புரிந்தது." தப்பு என்ற சொல்லை நான் அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிச் சொன்னதே இல்லை.

அவர் எழுந்து வகுப்பை நோக்கி நடந்தார். "உங்கள் பிள்ளைகளும் இதே தப்பைச் செய்வார்கள் அல்லவா? இப்போது சொல்லிக்கொடுங்கள். நான் பார்க்கிறேன்."

மூன்றாம் பாரம், இன்றைய கணக்கில் எட்டாம் வகுப்பு, பெண்கள் பதினோரு பேர். கடைசி பெஞ்சில் அந்த அம்மாளும், வாசலில் காரியதரிசியும். முன்பெஞ்சுப் பெண்ணிடம், "ஒங்க அய்யா எங்க போயிருக்காக? இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். எழுந்தவள் தயங்காமல், "மை ஃபாதர், தே ஹேவ் கான் டு தி ஃபீல்ட்" என்றாள்.

"எத்தனை அய்யா ஒனக்கு?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் விடவில்லை. "ஹீன்னா அவன்தான டீச்சர்? அய்யாவ அவன்னா அடிப்பாக."

"இங்கிலீஷ்ல அவன்னும் அவருன்னும் ரெண்டு கிடையாது. ஒண்ணுதான். நம்ம மரியாதைய வார்த்தையோட வால்ல கட்டி வச்சிருக்கோம். அவுக அங்கன கட்டல. சொல்லுற குரல்ல வச்சிருக்காக. ஹீன்னு மெதுவாச் சொல்லு. வெடுக்குன்னு சொல்லு. ரெண்டும் ஒண்ணா?"

அந்தப் பெண் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். வகுப்பு முழுக்க ஹீ, ஹீ என்று ஒரே சத்தம். காரியதரிசி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அலுவலக அறையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா அறிக்கையை எழுதிக்கொண்டே பாட்டுகளைப் பற்றிச் சொன்னார். பிரிவுப் பாட்டின் எட்டு வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஊடலுக்கு நான் போட்டிருந்த சொல் வாய்க்கால் தகராறு மாதிரி இருக்கிறது, கெஞ்சவைப்பதற்காகக் கோபித்துக்கொள்வது அதில் இல்லை என்றார். அது நியாயம்தான். பசலைப் பாட்டை விட்டுவிடலாம் என்றார். மறுத்தேன். அந்தச் சொல் சரியில்லை, பாட்டு சரியாக இருக்கிறது, எனக்கு இன்னும் நாள் வேண்டும் என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அறிக்கையைக் காரியதரிசி எனக்கு வாசித்துக் காட்டினார். வேலையை உறுதி செய்யலாம். இங்கிலீஷ் கற்பிக்கத் தகுதி உண்டு, மூன்றாம் பாரம் வரை. மேல்வகுப்பு பற்றி இன்னும் ஓராண்டு கழித்துப் பார்க்கலாம்.

"சந்தோசம்தானத்தா?" என்றார்.

பங்குனியில் பரிசம் இல்லை. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'தற்காலிகம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிடுவார்கள். சந்தோஷம்தான். ஆனால் 'இன்னும் ஓராண்டு' என்ற இடம் எனக்கு உறுத்தியது. அந்தப் பதினான்கு இடங்களுக்கு அதுதான் விலை என்று தெரிந்தது. தெரிந்தும் உறுத்தியது.

"மேல்வகுப்பும் தரலாம்னு சொன்னாகளே ஐயா" என்றேன்.

"குடுத்தத வாங்கிக்க. அடுத்த வருசம் அவுக திரும்ப வருவாக."

மணி அடித்தது. அடுத்த பாடவேளையும் அதே வகுப்புக்கு இங்கிலீஷ்தான். சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.